பச்சை பாக்கெட்டும் பதினாலு வினாடியும்: யூடியூப் சேனலுக்கு ஒரு முகம் அமைவது எப்படி

காலை ஐந்தரைக்கு ஆவின் பூத்தில் நிற்கிறவர்கள் யாரும் "நிலைப்படுத்திய பால் தாங்க" என்று கேட்பதில்லை. "பச்சை ரெண்டு, நீலம் ஒண்ணு" என்பார்கள். விசேஷ வீடாக இருந்தால் ஆரஞ்சு. பாக்கெட்டின் மேல் கொழுப்பு எவ்வளவு, விலை எவ்வளவு என்று எல்லாம் அச்சாகியிருக்கிறது. ஆனால் அரைத்தூக்கத்தில் அதைப் படிக்கிறவர் கிடையாது. கண் நிறத்தைப் பிடிக்கிறது, கை பாக்கெட்டை எடுக்கிறது. எழுத்தறியாத பாட்டியும் தவறாமல் எடுக்கிறார்.

யூடியூப் சேனலுக்கு "ஒரே மாதிரியான தோற்றம் வேண்டும்" என்று சொல்வது இதைத்தான். மதுரையில் ஃப்ளெக்ஸ் வடிவமைப்பில் தொடங்கி, இப்போது வீடியோ எடிட்டிங் செய்யும் எனக்கு வாரம் இரண்டு பேராவது போன் செய்து, "அண்ணே, சேனலுக்கு ஒரு லோகோ போட்டுக் கொடுங்க, அப்படியே சூப்பரா ஒரு இன்ட்ரோ" என்று கேட்கிறார்கள். லோகோ என்றால் அழகான படம், இன்ட்ரோ என்றால் பிரம்மாண்டம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணத்தால் நல்ல விஷயம் பேசுகிற சேனல்கள்கூட பார்வையாளரை முதல் பத்து வினாடியிலேயே இழக்கின்றன. அதனால் இதை அடியிலிருந்து சொல்கிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு சேனல்: செல்லூரில் டூவீலர் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பியின் சேனல்.

## தோற்றம் என்பது எது

ஒரு சேனலைப் பார்வையாளர் சந்திக்கும் இடங்களை முதலில் எண்ணிப் பாருங்கள். வீடியோவைத் திறப்பதற்கு முன் தெரியும் சிறு அட்டைப்படம், அதாவது தம்ப்நெயில். அதன் கீழே வட்டத்துக்குள் சேனலின் படம். வீடியோவுக்குள் வரும் எழுத்துகள். தொடக்கத்தில் ஓடும் இன்ட்ரோ. சேனல் பக்கத்தின் உச்சியில் நீளமான பேனர். கமென்டில் நீங்கள் பதில் எழுதினால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் மறுபடியும் அந்த வட்டம்.

இந்த எல்லா இடத்திலும் அதே நிறம், அதே எழுத்து வடிவம், அதே உருவம் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் சேனலின் தோற்றம். லோகோ அதில் ஒரு துண்டு மட்டும்தான். பச்சை பாக்கெட்டை அடையாளம் காட்டுவது ஆவின் லோகோ இல்லை, தினமும் மாறாமல் வரும் பச்சை.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. உங்களை இதுவரை பார்க்காத ஒருவரை இந்தத் தோற்றம் இழுத்து வராது. ஏற்கெனவே ஒரு வீடியோ பார்த்துப் பயனடைந்தவர், அடுத்த முறை இருபது வீடியோ வரிசையில் உங்களுடையதைச் சட்டென்று கண்டுகொள்ள மட்டுமே உதவும். முதல் வீடியோ ஏமாற்றியிருந்தால், அதே தோற்றத்தைக் கண்டுதான் அவர் விலகியும் போவார்.

சுருக்கமாக: தோற்றம் என்பது மாறாமல் திரும்ப வரும் சில விஷயங்கள். ஏற்கெனவே பார்த்தவர் படிக்காமலே அடையாளம் காண்பதற்காக அவை இருக்கின்றன.

## சட்டைப் பட்டன் அளவில் ஒரு கோபுரம்

தம்பி கொண்டுவந்த பழைய லோகோவை கம்ப்யூட்டரில் பெரிதாகத் திறந்து பார்த்தேன். மேலே மீனாட்சியம்மன் கோயில் கோபுரம். அதன் முன்னால் பாயும் காளை. காளைக்குப் பக்கத்தில் ஒரு பைக், அதைச் சுற்றி நெருப்பு. குறுக்கே இரண்டு ஸ்பேனர். அடியில் சேனல் பெயர், தங்க நிறத்தில் புடைத்த எழுத்தில். பத்துக்கு எட்டு அடி ஃப்ளெக்ஸாக பெரியார் பஸ் ஸ்டாண்டில் கட்டினால் நின்று பார்ப்பார்கள். போட்டவர் நல்ல உழைப்பாளி.

அப்புறம் அதே படத்தைச் சிறிதாக்கி அவர் போனில் காட்டினேன். கமென்டுக்குப் பக்கத்தில் அது சட்டைப் பட்டன் அளவுக்குத்தான் தெரியும். அந்த அளவில் கோபுரம் ஒரு பழுப்பு முக்கோணம். காளை ஒரு கறை. பெயர் ஒரு மஞ்சள் கோடு. அவரே, "என்னண்ணே, அப்பளம் கருகுன மாதிரி இருக்கு" என்றார்.

கோபுரத்தின் அழகே அதன் அடுக்கடுக்கான சுதை உருவங்கள்தான். சிறிதாக்கினால் முதலில் அழிவது அந்த நுணுக்கம். மதுரை சேனல்களில் பாதி கோபுரத்தைப் போடுவதால், மிஞ்சும் முக்கோணமும் யாருடையது என்று தெரியாது. ஊர்ப்பற்று எனக்கும் உண்டு, கோபுரத்தைக் கும்பிடாமல் நான் அந்த வழியே போவதில்லை. ஆனால் அது ஊருக்கு அடையாளம். இந்தப் பட்டறைக்கு என்று ஓர் அடையாளம் வேண்டும்.

யூடியூபில் சேனல் படத்தை 800 × 800 பிக்சல் சதுரமாக ஏற்றச் சொல்கிறார்கள். பிக்சல் என்பது திரையில் இருக்கும் ஒரு புள்ளி. ஏற்றுவது சதுரம் என்றாலும் காட்டுவது வட்டமாக. நாலு மூலையும் வெட்டுப்படும். பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அந்தத் தம்பியின் லோகோவில் ஸ்பேனர்களின் முனைகள் இரண்டும் மூலையில் இருந்ததால் வட்டத்துக்குள் வெறும் கம்பிகள்தான் மிஞ்சின.

புதிதாகச் செய்தது இவ்வளவுதான்: மஞ்சள் வட்டம், அதன் நடுவில் அடர்நீல ஸ்பேனரின் வாய் மட்டும். முழு ஸ்பேனர் இல்லை, நட்டைக் கவ்வும் அந்தப் பிளந்த தலை. பெயரைப் போடவில்லை, ஏனென்றால் யூடியூபே ஒவ்வொரு இடத்திலும் வட்டத்துக்குப் பக்கத்தில் பெயரை எழுதிவிடுகிறது. தம்பிக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. "இதுக்கு எதுக்குண்ணே டிசைனர்?" என்று நேராகவே கேட்டார். அடுத்த கடை டீ மாஸ்டரைக் கூப்பிட்டு, போனைக் கை நீட்டுகிற தூரத்தில் பிடித்துக் காட்டினோம். பழையதைப் பார்த்து "சாமி படமா?" என்றார். புதியதைப் பார்த்து "ஸ்பேனர்" என்றார். அதன்பின் தம்பி எதிர்ப்பேச்சு பேசவில்லை.

நீங்களும் இப்படியே சோதிக்கலாம். லோகோவை 40 பிக்சலுக்குச் சுருக்கி, விஷயம் தெரியாத ஒருவரிடம் ஒரு வினாடி காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ஒரே சொல்லில் பதில் வரவேண்டும். இரண்டு பொருளின் பெயர் வந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

சேனல் பக்கத்து பேனருக்கும் இதே மாதிரி ஒரு வெட்டு உண்டு. குறைந்தது 2048 × 1152 பிக்சல் என்று பெரிதாக ஏற்ற வேண்டும், அது முழுதாகத் தெரிவது டிவியில்தான். போனில் நடுப்பட்டை மட்டும் தெரியும். அதனால் எழுத்தும் லோகோவும் நடுவில் 1235 × 338 பிக்சலுக்குள் அடங்கட்டும். மற்ற இடம் வெறும் நிறமாக இருந்தால் போதும்.

## நிறம்: பட்டறையில் இல்லாத ஒன்று

சேனலின் பழைய நிறம் சிவப்பும் கறுப்பும். பைக் என்றால் வேகம், வேகம் என்றால் நெருப்பு என்ற கணக்கு. அதில் மூன்று சிக்கல் இருந்தன.

ஒன்று, தம்பியின் வீடியோவில் எப்போதும் தெரிவது எண்ணெய் படிந்த கறுப்பு என்ஜின், சாம்பல் நிற அலுமினியம், துரு, இடையிடையே சிவப்பு டேங்க். அதன்மேல் சிவப்பும் கறுப்புமாக எழுத்து வைத்தால் எழுத்தும் படமும் ஒன்றாகக் கரையும். சேனலின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்களுக்குப் பிடித்த நிறம் எது என்று யோசிப்பதற்கு முன், உங்கள் பத்து வீடியோவிலிருந்து ஒவ்வொரு படம் எடுத்து அடுக்கிப் பாருங்கள். அவற்றில் இல்லாத நிறம் எதுவோ அதுதான் உங்களுக்கு வேண்டிய நிறம். வெண்டைக்காயும் கீரையும் காட்டும் தோட்டச் சேனலுக்குப் பச்சை ஏன் உதவாது என்பதும் இதிலேயே புரியும்.

இரண்டு, வீடியோவைச் சுருக்கும் விதம். வீடியோ கோப்பு பெரிதாகிவிடக் கூடாது என்பதற்காக, வெளிச்சம் எவ்வளவு என்ற தகவலை ஒவ்வொரு புள்ளிக்கும் வைத்துக்கொண்டு, நிறம் என்ன என்ற தகவலை நாலு புள்ளிக்கு ஒன்றாகக் குறைத்துவிடுவார்கள். மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைத்தான் கூர்மையாகப் பார்க்கும் என்பதால் பொதுவாக இது தெரியாது. ஆனால் இருட்டான படத்தின் மேல் பளீர் சிவப்பு எழுத்து வைத்தால் மாட்டிக்கொள்ளும். ஓரம் கசிந்து, ஈரத் துணியில் சாயம் இறங்கியதுபோல் தெரியும். எடிட்டிங் திரையில் கூர்மையாக இருந்த எழுத்து யூடியூபில் ஏற்றியதும் மங்குவதாகச் சிலர் வருத்தப்படுவார்கள். அவர்களின் எழுத்து பெரும்பாலும் சிவப்பாக இருக்கும்.

மூன்று, ஒருவர் பாதி பார்த்த வீடியோவின் தம்ப்நெயிலுக்கு அடியில் யூடியூப் ஒரு சிவப்புக் கோடு போடும். வலது கீழ் மூலையில் நேரத்தைக் காட்டும் சிறு கறுப்புப் பெட்டியும் வரும். அந்தத் தம்பியின் எழுத்துப் பட்டை சரியாக அதே இடத்தில், அதே நிறத்தில் இருந்தது.

சரி, எது எதன்மேல் நன்றாகத் தெரியும் என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். இரண்டு நிறத்துக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு எவ்வளவு என்பதற்கு மாறுபாட்டு விகிதம் என்று ஓர் அளவு இருக்கிறது. தூய வெள்ளையின் மேல் தூய கறுப்பு எழுத்துக்கு அது 21, அதற்கு மேல் கிடையாது. இணையப் பக்கங்களுக்கான பொது நெறிமுறை சிறிய எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3 வேண்டும் என்கிறது. இதைக் கணக்கிட்டுத் தரும் இலவசத் தளங்கள் நிறைய உண்டு. இரண்டு நிற எண்ணைக் கொடுத்தால் போதும்.

நிற எண் என்பது ஒவ்வொரு நிறத்துக்கும் கம்ப்யூட்டரில் இருக்கும் ஆறு எழுத்து முகவரி. "மஞ்சள்" என்று சொன்னால் எனக்கு ஒரு மஞ்சள், உங்களுக்கு ஒரு மஞ்சள். எண்ணைச் சொன்னால் எல்லா மென்பொருளிலும் ஒரே மஞ்சள்தான். அந்தப் பட்டறைக்கு நாங்கள் வைத்தவை இவை:

```
மஞ்சள்      #FFC20E
அடர்நீலம்   #14213D
வெள்ளை     #FFFFFF
```

இந்த மஞ்சளின் மேல் அடர்நீல எழுத்துக்கு விகிதம் கிட்டத்தட்ட 10. தாராளம். அதே மஞ்சளின் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் 1.6தான் வருகிறது. வெயிலில் நின்று போன் பார்க்கிறவருக்கு அது வெறும் மஞ்சள் பட்டையாகத் தெரியும். அதனால் வெள்ளை எழுத்து அடர்நீலத்தின் மேல் மட்டும் என்று விதி வைத்தோம். மூன்று நிறம் போதும். நாலாவது நிறம் கேட்டபோது நான் மறுத்துவிட்டேன்.

சுருக்கமாக: உங்கள் படங்களில் இல்லாத நிறத்தை எடுங்கள், எதன்மேல் எதை எழுதலாம் என்பதை அளந்து முடிவு செய்யுங்கள், நிறத்தைப் பெயரால் அல்லாமல் எண்ணால் குறித்து வையுங்கள்.

## தமிழ் எழுத்தும் அதன் புள்ளியும்

ஃபான்ட் என்றால் எழுத்துரு, அதாவது எல்லா எழுத்துக்கும் ஒரே பாணியில் வரைந்த வடிவங்களின் தொகுப்பு. ஆங்கிலச் சேனல்களுக்கு எழுதிய அறிவுரையை அப்படியே தமிழுக்கு எடுத்தால் இந்த இடத்தில் உதைக்கும். காரணம் நம் எழுத்தின் உடல்வாகு.

"கார்பரேட்டர்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தம்பி அடிக்கடி போடும் சொல். ஏழு எழுத்து, ஒவ்வொன்றும் அகலம். அதில் மூன்று மெய்யெழுத்து, ஆகவே தலைக்கு மேல் மூன்று புள்ளி. பழைய தம்ப்நெயிலில் எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று அதைச் சுற்றித் தடித்த கறுப்புக் கரை கட்டியிருந்தார்கள். கரை தடித்ததும் புள்ளியின் கரையும் எழுத்தின் கரையும் ஒட்டிக்கொண்டு, சிறிதாக்கியதும் புள்ளியே காணாமல் போய்விட்டது. திரையில் தெரிந்தது "காரபரேடடர". புள்ளி போனால் தமிழில் சொல்லே போய்விடும். ஆங்கிலத்தில் ஐ எழுத்தின் தலைப்புள்ளி மறைந்தாலும் படித்துவிடலாம், நமக்கு அது முடியாது.

இரண்டு வரி எழுதும்போது இன்னொரு சிக்கல். மேல் வரியில் "பு", "கு", "ழு" என்று கீழே இறங்கும் எழுத்து, கீழ் வரியில் புள்ளியோ "கி" போன்ற மேற்சுழியோ வந்தால் இரண்டும் முட்டும். வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும். அப்படி விட்டால் தம்ப்நெயிலில் இரண்டு வரிக்கு மேல் கொள்ளாது. அதனால் மூன்று, நாலு சொல்லுக்குள் நிறுத்திக்கொள்வது அழகுக்காகச் சொல்வது இல்லை, இடக் கணக்கு.

ஃபான்ட் தேர்வில் மூன்றே கேள்வி கேட்பேன். தடிமனான வடிவத்தில் "ஞ", "ண", "ற" ஆகியவற்றின் உள்வெளி அடைத்துப்போகாமல் இருக்கிறதா? புள்ளி எழுத்திலிருந்து தள்ளி நிற்கிறதா? பணம் சம்பாதிக்கும் சேனலில் பயன்படுத்த உரிமை உண்டா? தலைப்புக்கு Anek Tamil எடுத்தோம். அதன் அகலத்தைக் குறுக்கிக்கொள்ளலாம் என்பது தமிழுக்குப் பெரிய வசதி. எழுத்தை நீங்களாக இழுத்து ஒல்லியாக்கினால் செங்குத்துக் கோடு மெலிந்து அசிங்கமாகும். இதில் குறுகிய வடிவத்தையே தனியாக வரைந்திருப்பதால் கோட்டின் தடிமன் கெடுவதில்லை. வீடியோவுக்குள் வரும் சிறு குறிப்புகளுக்கு Hind Madurai. பெயரிலேயே நம் ஊர் இருப்பது எனக்கு ஒரு தனி சந்தோஷம். ஆனால் எடுத்தது சிறிய அளவிலும் அது தெளிவாக இருப்பதால்தான். இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

ஃப்ளெக்ஸ் கடைகளில் புழங்கும் பழைய அலங்கார ஃபான்ட்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றில் பல, யூனிகோட் என்னும் பொதுக் குறியீடு பரவுவதற்கு முந்தையவை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் முகமூடி போட்டிருக்கும். பாமினி வகையில் "தமிழ்" என்று அடித்து, அந்த ஃபான்ட் இல்லாத வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் `jkpo;` என்று வரும். ஒரே ஒரு படம் செய்து அச்சடிக்க அது பரவாயில்லை. இரண்டு வருடம் கழித்து வேறொருவர் திறந்து திருத்த வேண்டிய சேனல் கோப்புக்கு அது ஆகாது.

இன்னொன்றும் கவனியுங்கள். சில எடிட்டிங் மென்பொருள்களில் தமிழை ஒட்டினால் "கொ" என்பது சிதறி, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். குறை ஃபான்டில் இல்லை, எழுத்துகளைக் கோக்கும் மென்பொருளில். அப்படி நேர்ந்தால் எழுத்தை வேறொரு செயலியில் படமாகச் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாகக் கொண்டுவந்து வைப்பதே சுலபம்.

## இன்ட்ரோ: ஏன் தள்ளிவிடுகிறார்கள்

இப்போது கட்டுரையின் தலைப்பில் உள்ள பதினாலு வினாடி. தம்பியின் பழைய இன்ட்ரோ அவ்வளவு நீளம். கறுப்புத் திரை, இடி, நெருப்பு வட்டம், அதிலிருந்து பைக் சீறி வரும், சிங்கம் உறுமும், பெயர் சுழன்று சுழன்று வந்து நிற்கும்.

தியேட்டரில் இது எடுபடும். டிக்கெட் வாங்கி, இருட்டில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போகமாட்டார். நாயகன் பெயர் வரும்போது விசில் அடிப்பார். போனில் வீடியோ திறந்தவர் வேறு நிலையில் இருக்கிறார். அவர் வண்டி வழியில் நின்றுவிட்டது. சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் அணைந்துவிடுகிறது. ஏன் என்று தேடித்தான் வந்திருக்கிறார். அவருக்குச் சிங்கம் எதற்கு?

அவர் செய்யக்கூடியது இரண்டு. வேறு வீடியோவுக்குப் போய்விடலாம், அல்லது திரையின் வலப்பக்கம் இரண்டு முறை தட்டி முன்னே தள்ளலாம். யூடியூப் போன் செயலியில் அப்படித் தட்டினால், அமைப்பை மாற்றாதவரை, 10 வினாடி தாவும். இந்தப் பத்துதான் விஷயத்தின் சாவி. பதினாலு வினாடி இன்ட்ரோவுக்கு ஒரு தட்டு தட்டினால் பெரும்பகுதி கழியும், கை தானாகப் போகும். இரண்டு வினாடி இன்ட்ரோவைத் தட்டித் தாண்ட நினைத்தால் எட்டு வினாடி விஷயமும் சேர்ந்து போய்விடும். அதற்குக் கையைத் தூக்குவதற்குள் இன்ட்ரோவும் முடிந்திருக்கும். தள்ளாத இன்ட்ரோ என்பது மிக அழகான இன்ட்ரோ என்று நினைக்க வேண்டாம். தள்ளுவதற்கு நேரம் கொடுக்காத இன்ட்ரோ அது.

இரண்டில் எது நடக்கிறது என்று பார்க்க யூடியூப் ஸ்டுடியோவில் ரிட்டென்ஷன் கிராஃப் இருக்கிறது. வீடியோவின் ஒவ்வொரு நொடியிலும் எத்தனை சதவீதம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டும் கோடு. 30 வினாடியில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்பதையும் அங்கே தனியாகச் சொல்வார்கள். தொடக்கத்தில் எந்த வீடியோவுக்கும் கோடு இறங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது அதன் வடிவம். இன்ட்ரோ ஓடும் இடத்தில் பள்ளமாகி, முடிந்த இடத்தில் மறுபடி மேலே ஏறினால், ஆட்கள் தட்டித் தாண்டி வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று பொருள். இறங்கிய கோடு ஏறாமலே போனால் அவர்கள் திரும்ப வரவில்லை. தம்பியின் கிராஃபில் பள்ளமும் இருந்தது, பள்ளத்துக்குப் பின் வரும் மேடு பழைய உயரத்தைத் தொடவும் இல்லை. அதாவது இரண்டும் நடந்திருக்கிறது. நூறு பேர்கூடப் பார்க்காத வீடியோவில் மட்டும் இந்தக் கோட்டை நம்பாதீர்கள். நாலு பேர் மாறினாலே வடிவம் மாறிவிடும்.

## இரண்டு வினாடியில் என்ன வைப்பது

நாங்கள் முதலில் மாற்றியது இன்ட்ரோவின் இடத்தை. வீடியோ தம்பியின் கையில் தொடங்குகிறது. உறுமி உறுமி அணையும் வண்டியின் சத்தம். "சோக்கை எடுத்தா நின்னுருதா? காரணம் இந்தா இருக்கு பாருங்க, ஊசிமுனைகூட இல்லாத ஓட்டை" என்று கார்பரேட்டருக்குள் இருக்கும் பைலட் ஜெட் என்ற சிறு துளைத் திருகை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டுகிறார். எட்டு வினாடி. தேடி வந்தவருக்குச் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. அதன்பின்தான் இன்ட்ரோ.

வீடியோ நொடிக்கு 30 படமாக ஓடுவதால் இரண்டு வினாடிக்கு 60 படம். முதல் 10 படத்தில் மஞ்சள் பட்டை இடமிருந்து வந்து ஸ்பேனரின் வாய் ஒரு நட்டைக் கவ்வுகிறது. அடுத்த 40 படம் பெயர் அசையாமல் நிற்கிறது. கடைசி 10 படத்தில் ஸ்பேனர் கால் சுற்று திரும்பி, பட்டை விலகுகிறது. பெயர் நிற்கும் நேரத்தை மட்டும் குறைக்கக் கூடாது. அசையும் எழுத்தை யாரும் படிப்பதில்லை. பல இன்ட்ரோக்களில் பெயர் சுழன்றுகொண்டே இருந்து, நின்ற அடுத்த கணம் மறைந்துவிடும். பத்து வினாடி செலவழித்தும் பெயர் பதியாது.

சத்தத்துக்குத் தம்பி சினிமா பின்னணி இசை கேட்டார். அது வேண்டாம் என்பதற்குக் காரணம் சட்டம் மட்டும் இல்லை, பெருக்கல் கணக்கும்தான். யூடியூப் பாட்டின் உரிமையாளரைத் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோர வைக்கும். ஒரு வீடியோவில் வந்தால் ஒரு கோரிக்கை. இன்ட்ரோவில் வைத்தால் எல்லா வீடியோவிலும் கோரிக்கை, விளம்பர வருமானம் அவர் பக்கம் போய்விடலாம். நாங்கள் பட்டறையிலேயே ஒலி எடுத்தோம். தம்பி டார்க் ரெஞ்சை இறுக்கும்போது கடைசியில் வரும் "டக்". போனை ஒரு துணிக்குள் சுற்றி, கம்ப்ரஸர் ஓடாத மதிய நேரத்தில் பதிவு செய்தோம். பேச்சைவிட அதன் சத்தம் ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டோம், காதில் இயர்போன் வைத்திருப்பவர் திடுக்கிட்டால் அடுத்த முறை அந்த இடத்தை நினைத்தே தட்டுவார்.

இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது, சில வீடியோவில் அதையும் செய்கிறோம். இன்ட்ரோவுக்காக வீடியோவை நிறுத்துவதே இல்லை. தம்பி பேசிக்கொண்டே வண்டிப் பக்கம் குனியும்போது, படத்தின் கீழ்ப் பகுதியில் மட்டும் அந்த மஞ்சள் பட்டை வந்து, "டக்" என்று ஒலித்துப் போய்விடும். பேச்சு தொடர்கிறது, தாண்டிப் போக அங்கே எதுவும் இல்லை.

சுருக்கமாக: முதலில் பிரச்சினை, பிறகு பெயர். பெயருக்கு இரண்டு வினாடி, அதில் பெரும்பகுதி அது அசையாமல் நிற்கட்டும். ஒலி உங்களுடையதாக இருக்கட்டும்.

## மாறாமல் வைத்துக்கொள்வது

முதல் மாதம் எல்லாம் ஒழுங்காக நடக்கும். தீபாவளி வந்ததும் "இந்த ஒரு தம்ப்நெயில் மட்டும் கொஞ்சம் கலரா" என்று ஆரம்பிக்கும். அதைத் தடுக்க ஒரு டெம்ப்ளேட் செய்து வைக்கிறோம். டெம்ப்ளேட் என்றால் மாற்றக்கூடாதவை பூட்டிய நிலையில் இருக்கும் அச்சுக்கோப்பு. அந்தச் சேனலில் 1280 × 720 பிக்சல் தம்ப்நெயிலில் மஞ்சள் பட்டையின் இடம், எழுத்தின் அளவு, ஸ்பேனர் வாய் இருக்கும் இடது மேல் மூலை ஆகியவை பூட்டு. புகைப்படமும் சொற்களும் மட்டும் மாறும். தீபாவளிக்குப் புகைப்படத்தில் மத்தாப்பு வைத்துக்கொள்ளலாம், பட்டையில் கை வைக்கக் கூடாது.

பழைய வீடியோக்களை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். தம்ப்நெயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இருநூறையும் ஒரே நாளில் மாற்ற உட்கார வேண்டாம், இப்போதும் ஆட்கள் வந்துகொண்டிருக்கும் இருபதை ஸ்டுடியோவில் பார்த்து அதை மட்டும் முதலில் மாற்றுங்கள். பழைய இன்ட்ரோ வீடியோவோடு ஒட்டிப்போனது, அதை மாற்ற வழியில்லை என்றுதான் தம்பி நினைத்திருந்தார். புதியதை உள்ளே வைக்க முடியாது என்பது சரிதான். ஆனால் ஸ்டுடியோவில் இருக்கும் எடிட்டரில் வேண்டாத பகுதியை வெட்டி எடுக்கலாம். லிங்க் மாறாது, அதுவரை வந்த பார்வை எண்ணிக்கையும் கமென்டும் அப்படியே இருக்கும். வெட்டியது வெளியே தெரியச் சில மணி நேரம்கூட ஆகலாம். ஒரு லட்சம் பார்வையைத் தாண்டிய வீடியோவில், விளம்பர வருமானத் திட்டத்தில் சேராத சேனலுக்கு இந்த வெட்டு அனுமதிக்கப்படாமல் போகலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பட்டறையை அடைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து பதினெட்டு வீடியோவில் அந்தப் பதினாலு வினாடியை வெட்டினோம். கடைசி வீடியோவில் சிங்கம் உறுமும்போது தம்பி, "ரெண்டாயிரம் ரூவா கொடுத்து வாங்குன சிங்கம்ணே" என்று சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்தினார். நிற எண் மூன்றும், ஃபான்ட் பெயர் இரண்டும் எழுதிய அட்டை அவர் ஸ்பேனர் மாட்டும் பலகையில், 14-ம் நம்பர் ஸ்பேனருக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்குகிறது.